பெப்ரவரி 30ஆம் திகதியிட்ட விலைப்பட்டியலை என்ன செய்வது?

விநியோக நிறுவனங்களின் கொடுப்பனவுப் பிரிவுகளில் இப்போது யாரும் பில்லைப் பார்த்துப் பார்த்து இலக்கங்களைத் தட்டச்சு செய்வது குறைவு. கடைக்காரர் தரும் விலைப்பட்டியலைத் தொலைபேசியில் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், அல்லது ஸ்கேன் செய்கிறார்கள். ஒரு மென்பொருள் அந்தப் படத்தைப் படித்து, பட்டியல் இலக்கம், திகதி, வழங்குநரின் பெயர், தொகை, வரி என்று பிரித்தெடுத்துக் கணக்குக்குள் போடுகிறது. அப்படிப் பிரித்தெடுக்கப்பட்ட விபரங்கள் கணக்குக்குள் நுழைவதற்கு முன் அவற்றைத் தடுத்து நிறுத்தும் விதிகளை எழுதுவதுதான் சில ஆண்டுகளாக என் வேலையின் பெரும்பகுதி. இலங்கையின் பெறுமதி சேர் வரி, அதாவது நாம் வற் என்று சொல்லும் வரி, இந்த வேலையைச் சற்றுக் கடினமாக்கியும் இருக்கிறது, சுவாரசியமாக்கியும் இருக்கிறது. அதனால் வற் பட்டியல் ஒன்றையே எடுத்து விளக்குகிறேன்.

2024 ஜனவரி 10ஆம் திகதி வந்த ஒரு பட்டியலை எடுத்துக்கொள்வோம். வவுனியாவிலுள்ள ஒரு கட்டடப் பொருள் வியாபாரி அனுப்பியது. பிரித்தெடுப்பு மென்பொருள் தந்த பதிவு இது:

```
invoice_no:     0417
invoice_date:   30/02/2023
supplier_vat:   (13 digits, ends 7000)
buyer_vat:
net_amount:     84000.00
vat_amount:     12600.00
total:          96600.00
```

இதில் இரண்டு குறைகள் கண்ணில் படுகின்றன. பெப்ரவரியில் 30ஆம் திகதி கிடையாது. வாங்குபவரின் வற் பதிவிலக்கம் வெறுமையாக இருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே வகைப் பிழை போலத் தெரியும்: 'பட்டியல் சரியில்லை, திருப்பி அனுப்பு.' பெரும்பாலான நிறுவனங்களில் முதலில் எழுதப்படும் விதி அதுதான். ஆனால் தாளை எடுத்துப் பார்த்தால் கதை வேறு. தாளில் கையால் தெளிவாக 30/12/2023 என்றுதான் எழுதியிருந்தது. 1 என்ற எழுத்தின் மேல் முத்திரையின் வளைவு விழுந்ததில் மென்பொருள் அதை 0 என்று படித்துவிட்டது. வாங்குபவரின் வற் இலக்கமோ தாளிலேயே இல்லை. வியாபாரி எழுத மறந்துவிட்டார்.

ஆகவே முதலாவது பிழை எங்களுடையது. இரண்டாவது அவருடையது. முதலாவதைத் தீர்க்க ஒரு எழுதுவினைஞர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும், அரை நிமிட வேலை. இரண்டாவதைத் தீர்க்க வியாபாரி புதிய பட்டியல் எழுத வேண்டும். இந்த இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு 'நிராகரிக்கப்பட்டது' என்று மட்டும் எழுதினால் என்ன நடக்கும் என்பதை வழங்குநர்களின் தொலைபேசி அழைப்புகளில் கேட்கலாம். "தம்பி, பில் குடுத்து ஒரு மாசமாப் போச்சு. காசு ஏன் இன்னும் வரேல்ல?" என்று கேட்பவரிடம் 'உங்கள் திகதி பிழை' என்று சொன்னால், அவர் தன் பிரதியை எடுத்துப் பார்த்து 'திகதி சரியாத்தானே கிடக்கு' என்பார். அவர் சொல்வது உண்மை.

எனவே நிராகரிக்கும் விதி ஒவ்வொன்றும் 'இது பிழை' என்பதோடு நின்றுவிடக் கூடாது. அடுத்து யார் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அது சொல்ல வேண்டும். விபரம் தாளில் இல்லையா, அல்லது தாளில் இருந்தும் படிக்கப்படவில்லையா என்பதை மென்பொருளால் எப்போதும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் குறைபாடுள்ள எந்தப் பட்டியலும் முதலில் உள்ளே இருக்கும் ஒருவரின் மேசைக்கு, அந்த இடத்தின் படத்துடன் போக வேண்டும். அவர் 'தாளில் இல்லை' என்று உறுதிசெய்த பிறகுதான் வழங்குநருக்குக் கடிதம் போக வேண்டும். இந்த ஒரு படியைச் சேர்ப்பதற்கு ஆட்செலவு இருக்கிறது. முகாமையாளர்கள் அதை விரும்புவதில்லை. ஆனால் அதைச் சேர்க்காவிட்டால் அந்தச் செலவைச் சிறிய வியாபாரி சுமக்கிறார்.

எந்த விபரம் கட்டாயம்?

கட்டாய விபரங்களின் பட்டியலை மென்பொருளாளர் தன் மனம்போனபடி எழுதுவது வழக்கமாகிவிட்டது. வற் பட்டியலுக்கு அதற்கு இடமில்லை. 2002ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க பெறுமதி சேர் வரிச் சட்டத்தின் 20ஆவது பிரிவு ஒரு வரி விலைப்பட்டியலில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. வழங்குநரின் பெயர், முகவரி, பதிவிலக்கம், வாங்குபவரின் பெயர், முகவரி, பதிவிலக்கம், பட்டியல் வழங்கப்பட்ட திகதியும் தொடரிலக்கமும், பொருளோ சேவையோ வழங்கப்பட்ட திகதியும் அதன் விவரணமும், அளவு, பெறுமதி, வரி, மொத்தத் தொகை, இவற்றோடு வரி விலைப்பட்டியல் என்ற சொல் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். இவை இல்லாத தாளை வைத்துக்கொண்டு வாங்குபவர் உள்ளீட்டு வரியைக் கழிக்க முற்பட்டால், கணக்காய்வின்போது உள்நாட்டு இறைவரித் திணைக்களம் அதை மறுக்கலாம். எங்கள் உதாரணத்தில் அது 12,600 ரூபா. மாதம் ஆயிரம் பட்டியல் வாங்கும் நிறுவனத்துக்கு இது சிறிய விடயமல்ல.

ஆனால் அந்தப் பட்டியலை அப்படியே எல்லா பில்லுக்கும் கட்டாயமாக்கினால் இன்னொரு அநியாயம் நடக்கும். எல்லா வியாபாரியும் வற் பதிவு பெற்றவரல்ல. 2024 ஜனவரியிலிருந்து ஆண்டுக்கு 60 மில்லியன் ரூபாவுக்கு மேல் விற்பனை இருந்தால்தான் பதிவு கட்டாயம் என்றிருந்தது. சந்தியில் தேநீர்க் கடை வைத்திருப்பவர், முச்சக்கரவண்டியில் சாமான் ஏற்றி இறக்கித் தருபவர், அலுவலகத்துக்கு வாழையிலையில் மதியச் சாப்பாடு கொடுப்பவர் ஆகியோரிடம் வற் இலக்கம் இருக்காது. இருக்க வேண்டியதும் இல்லை. 'வழங்குநரின் வற் இலக்கம் இல்லையேல் நிராகரி' என்ற ஒற்றை வரி விதி இவர்கள் எல்லோரையும் வெளியே தள்ளிவிடும்.

சரியான விதி நிபந்தனையுடன் வரும்: பட்டியலில் வற் தொகை அறவிடப்பட்டிருந்தால், வழங்குநரின் வற் இலக்கம் கட்டாயம். வற் அறவிடப்படவில்லையெனில் அந்த இலக்கம் தேவையில்லை. ஆனால் உள்ளீட்டு வரியும் கோரப்படாது. இப்படி எழுதும்போது உண்மையிலேயே ஆபத்தான பட்டியல் தானாக வெளிப்படுகிறது. வற் அறவிட்டிருக்கிறார், ஆனால் பதிவிலக்கம் இல்லை. பதிவில்லாத ஒருவர் வரி என்ற பெயரில் பணம் வாங்கியிருக்கலாம். இதைத்தான் கடுமையாக நிறுத்த வேண்டும்.

வற் இலக்கத்துக்கு ஒரு வடிவம் உண்டு. ஒன்பது இலக்க வரி செலுத்துநர் அடையாள இலக்கம், அதன் பின்னால் 7000. சிலர் நடுவில் சிறு கோடு போடுவார்கள், சிலர் இடைவெளி விடுவார்கள், சிலர் சேர்த்தே எழுதுவார்கள். ஆகவே இலக்கங்கள் அல்லாத எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, மீதி 13 இலக்கங்களா, 7000இல் முடிகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தச் சோதனை இலக்கம் ஒழுங்காகப் படிக்கப்பட்டதா என்பதை மட்டும்தான் சொல்லும். அந்த இலக்கம் இந்த வழங்குநருடையதுதானா என்பதை ஏற்கெனவே சரிபார்த்து வைத்திருக்கும் வழங்குநர் பதிவேட்டோடு ஒப்பிட்டே அறியலாம்.

வெறுமை என்றால் என்ன?

இது கேட்கச் சின்னக் கேள்வி. ஆனால் நான் பார்த்த விதித்தொகுதிகளில் அதிகம் ஓட்டை விழுந்த இடம் இதுதான். ஒரு விபரம் இல்லாதபோது பிரித்தெடுப்பு மென்பொருள் எப்போதும் வெறுமையாக விடுவதில்லை. தாளில் சிறு கோடு இருந்தால் அந்தக் கோட்டையே விபரமாகத் தரும். 'N/A' என்று தரும். பட்டியல் இலக்கத்துக்கான இடம் காலியாக இருந்தால், பக்கத்திலுள்ள `Date` என்ற சொல்லை எடுத்துப் பட்டியல் இலக்கமாகத் தந்துவிடும். விதி 'வெறுமையாக இருக்கக் கூடாது' என்று மட்டும் கேட்டால் இவை மூன்றும் தாராளமாக உள்ளே போய்விடும். பட்டியல் இலக்கத்தில் ஒரு எண்ணாவது இருக்க வேண்டும் என்ற எளிய விதி இவற்றைத் தடுக்கும்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பொறி இருக்கிறது. பைதன் மொழியில் பலர் இப்படி எழுதுவார்கள்:

```python
if not vat_amount:
    reject("VAT_MISSING")
```

வற் தொகை வாசிக்கப்படாமல் வெறுமையாக இருந்தால் இந்த வரி சரியாக வேலை செய்யும். ஆனால் தொகை 0 என்று தாளிலேயே அச்சிடப்பட்டிருந்தாலும் இதே வரி நிராகரிக்கும். ஏனெனில் பைதன் 0ஐயும் 'இல்லை' என்றே எடுத்துக்கொள்ளும். வரி விலக்குப் பெற்ற பொருளுக்கும் பூச்சிய வீத ஏற்றுமதிக்கும் வற் தொகை உண்மையாகவே 0தான். இல்லாமல் இருப்பதும் பூச்சியமாக இருப்பதும் வெவ்வேறு. `if vat_amount is None` என்று கேட்டால் சிக்கல் தீரும்.

மூன்றாவது வகை இன்னும் நுட்பமானது. அண்மைக்காலத்தில் மொழி மாதிரிகளைப் பயன்படுத்திப் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. பழைய எழுத்துணரி மென்பொருள் தெரியாததைக் குப்பை எழுத்தாகத் தந்தது. அதைக் கண்டுபிடிப்பது இலகு. புதியவை சிலவேளை இல்லாத திகதிக்கு நம்பத்தகுந்த ஒரு திகதியைத் தந்துவிடுகின்றன. இதைத் தடுக்க நான் வைக்கும் விதி ஒன்றுண்டு. ஒவ்வொரு கட்டாய விபரத்தோடும், தாளில் அது எப்படி எழுதப்பட்டிருந்ததோ அந்த எழுத்துவடிவமும், பக்கத்தில் எந்த இடத்தில் இருந்தது என்பதும் சேர்ந்து வர வேண்டும். இடம் காட்டாத திகதியை இல்லாத திகதியாகவே கொள்ள வேண்டும்.

திகதி: நடக்க முடியாததும் நடக்கச் சாத்தியம் குறைந்ததும்

மீண்டும் பெப்ரவரி 30க்கு வருவோம். இதை நிராகரிப்பது மிக இலகு என்று தோன்றும். ஆனால் பல நிரல்மொழிக் கருவிகள் பிழையான திகதியை நிராகரிப்பதில்லை; அமைதியாகத் திருத்திவிடுகின்றன. ஜாவாஸ்கிரிப்டில் இதைப் பாருங்கள். அங்கே மாதங்கள் 0இலிருந்து எண்ணப்படுவதால் 1 என்பது பெப்ரவரி.

```javascript
new Date(2023, 1, 30)   // 2023 மார்ச் 2
```

பெப்ரவரியில் 28 நாட்கள்தான் என்பதால் மிகுதி இரண்டு நாளை மார்ச்சுக்குத் தள்ளிவிட்டது. எந்த எச்சரிக்கையும் இல்லை. டிசெம்பர் 30இல் எழுதிய பட்டியல் அதே ஆண்டின் மார்ச் 2க்குப் போய்விட்டது. 2023 மார்ச்சிலும் டிசெம்பரிலும் வற் வீதம் 15தான் என்பதால், வரித்தொகையைச் சரிபார்க்கும் விதியும் இதைப் பிடிக்காது. 84,000இன் 15 சதவீதம் 12,600, கணக்கு சரி. ஆனால் பட்டியல் டிசெம்பர் காலாண்டுக்குப் பதிலாக மார்ச் காலாண்டில் விழுகிறது. டிசெம்பர் காலாண்டுக்கான வரி விபரத்திரட்டை ஜனவரி இறுதிக்குள் அனுப்ப வேண்டிய கணக்காளருக்கு இந்தப் பட்டியல் கண்ணிலேயே படாது.

பைதனில் வடிவத்தைச் சொல்லிக் கொடுத்துப் படித்தால் இந்தச் சறுக்கல் இல்லை:

```python
from datetime import datetime

def read_date(text):
    try:
        return datetime.strptime(text.strip(), "%d/%m/%Y").date()
    except ValueError:
        return None
```

பெப்ரவரி 30ஐக் கொடுத்தால் இது எதையும் தராது. ஆனால் அதே பைதனில் பலர் விரும்பிப் பயன்படுத்தும் `dateutil` என்ற நூலகத்தை இந்த வேலைக்குப் பயன்படுத்த வேண்டாம் என்பது என் கருத்து. எந்த வடிவத்தில் கொடுத்தாலும் எப்படியோ ஒரு திகதியை உருவாக்கித் தருவது அதன் சிறப்பு. இங்கே அந்தச் சிறப்பே தீமை. நாள் அழிந்து மாதமும் ஆண்டும் மட்டும் மிஞ்சிய தாளைக் கொடுத்தால், அது நாளை இன்றைய நாளால் நிரப்பிவிடும். இன்று 10ஆம் திகதி என்றால் பட்டியலும் 10ஆம் திகதியிடப்படும். அதே தாளை நாளை படித்தால் 11 ஆகிவிடும்.

அந்த நூலகத்தின் இன்னொரு பழக்கம், நாங்கள் நாள் முதலில் எழுதும் முறைக்கு நேர் எதிரானது. `03/04/2024` என்றால் நாங்கள் ஏப்ரல் 3 என்போம். அது, வேறு கட்டளை இல்லாவிட்டால், மார்ச் 4 என்று படிக்கும். ஆனால் `13/04/2024` கொடுத்தால் 13ஆவது மாதம் இல்லை என்று கண்டு, மாற்றி ஏப்ரல் 13 என்று சரியாகப் படித்துவிடும். ஒரே வழங்குநரின் பட்டியல்களில் மாதத்தின் முதல் 12 நாட்களில் எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை பிழையாகவும், 13ஆம் திகதிக்குப் பின் எழுதப்பட்டவை சரியாகவும் கணக்கேறும். சோதிப்பவர் மாத இறுதிப் பட்டியல்களை எடுத்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும்.

இதிலிருந்து ஒரு பயனுள்ள அறிகுறி கிடைக்கிறது. நாள் முதலில் என்று கண்டிப்பாகப் படிக்கும் விதியில், ஒரு வழங்குநரின் பட்டியல் `04/13/2024` என்று வந்து நிராகரிக்கப்பட்டால், அந்த ஒரு பட்டியலைத் திருத்துவதோடு விட்டுவிடக் கூடாது. அந்த வழங்குநரின் பில் அச்சிடும் மென்பொருள் அமெரிக்க முறையில் அமைக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு அது சான்று. அப்படியானால் அவரிடமிருந்து முன்பு வந்து எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே போன `04/05/2024`ஐ நாம் மே 4 என்று பதிந்திருக்கிறோம். அவர் சொன்னது ஏப்ரல் 5. நிராகரிக்கப்பட்டது ஒன்று, ஆனால் பிழையானவை ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன. அவரது பழைய பட்டியல்களையும் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும்.

நாட்காட்டியில் இல்லாத திகதியைப் பற்றி விவாதமில்லை, நிராகரிக்கலாம். நாட்காட்டியில் இருந்தும் பட்டியலுக்குப் பொருந்தாத திகதிகள் இன்னும் அதிகம். நாளைய திகதியிட்ட பட்டியல், கொள்வனவுக் கட்டளைக்கு முந்திய பட்டியல், கொடுப்பனவுக்கான இறுதி நாள் பட்டியல் திகதிக்கு முன்னால் வரும் பட்டியல், மூன்று ஆண்டு பழைய பட்டியல். இவை எல்லாவற்றையும் 'சாத்தியமற்றவை' என்று ஒரே கோலால் அடிப்பவர்கள் உண்டு. நான் பிரித்துப் பார்க்கிறேன். இறுதி நாள் பட்டியல் நாளுக்கு முன்னால் வரவே முடியாது; பெரும்பாலும் மென்பொருள் இரண்டையும் இடம்மாற்றிப் படித்திருக்கும். ஆகவே நிராகரிப்பு. ஆனால் கட்டளைக்கு முந்திய பட்டியல் நடக்கக்கூடியது. அவசரத்துக்குத் தொலைபேசியில் சொல்லிச் சாமான் எடுத்துவிட்டு, கட்டளைப் பத்திரத்தை மறுநாள் எழுதுவது எங்கே நடக்கவில்லை? அதை நிறுத்திவைத்து ஒருவரிடம் கேட்கலாம். வழங்குநரிடம் திருப்பி அனுப்பக் கூடாது.

எதிர்காலத் திகதிக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு. முற்திகதியிட்ட காசோலைக்குப் பழகிப்போன எங்கள் வியாபாரத்தில் முற்திகதியிட்ட பட்டியலும் வரத்தான் செய்யும். விற்பனையை அடுத்த மாதக் கணக்கில் காட்ட விரும்பும் வியாபாரி மறுமாத முதலாம் திகதியை எழுதுவார். அதை நிராகரிப்பதே சரி. ஆனால் 'இன்று' என்பது எந்த ஊரின் இன்று என்பதை விதியில் எழுதியாக வேண்டும். வழங்கிக் கணினிகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. ஆகவே இங்கே நள்ளிரவு தாண்டி காலை 5.30 வரை, அந்தக் கணினிக்கு இன்னும் நேற்றுத்தான். அதிகாலை 4 மணிக்குச் சந்தையில் காய்கறி இறக்கி, அன்றைய திகதியில் பட்டியல் எழுதிப் படமெடுத்து அனுப்புபவரின் பில்லை 'எதிர்காலத் திகதி' என்று அது தள்ளிவிடும். அதே பில்லை ஒன்பது மணிக்கு அனுப்பினால் ஏற்றுக்கொள்ளும். இத்தகைய பிழையை அலுவலக நேரத்தில் சோதித்துக் கண்டுபிடிக்கவே முடியாது. `datetime.now(ZoneInfo("Asia/Colombo")).date()` என்று ஊரைக் குறிப்பிட்டால் பிரச்சினை இல்லை.

திகதியும் வீதமும்

இலங்கையில் வற் வீதம் சில ஆண்டுகளுக்குள் பல தடவை மாறியது. 2019 டிசெம்பர் 1இல் 8 சதவீதம், 2022 ஜூன் 1இல் 12, அதே ஆண்டு செப்டெம்பர் 1இல் 15, 2024 ஜனவரி 1இல் 18. சாதாரண மக்களுக்கு இது விலையேற்றம். விதி எழுதுபவருக்கோ திகதியைச் சரிபார்க்க ஓர் இரண்டாவது சாட்சி. வரியை நிகரத் தொகையால் வகுத்து வரும் வீதம் அந்தத் திகதிக்குரிய வீதத்தோடு பொருந்தாவிட்டால், திகதியோ தொகையோ பிழையாகப் படிக்கப்பட்டிருக்கலாம். 2022ஐ 2023 என்று படித்துவிட்டால், ஜூலை மாதப் பட்டியலில் 12க்கும் 15க்கும் உள்ள வித்தியாசம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனாலும் இந்த விதியை நிராகரிக்கும் விதியாக வைக்கக் கூடாது. நிறுத்திவைக்கும் விதியாகவே வைக்க வேண்டும். ஏன் என்பதற்கு அந்த வவுனியாப் பட்டியலின் மீதிக் கதையே போதும். எழுதுவினைஞர் படத்தைப் பார்த்து 30/12/2023 என்று திருத்தினார். விதிகள் மீண்டும் ஓடின. கொள்வனவுக் கட்டளை டிசெம்பர் 18, பொருள் களஞ்சியத்துக்கு வந்தது டிசெம்பர் 29, வீதம் 15, எல்லாம் பொருந்தின. வாங்குபவரின் வற் இலக்கம் தாளில் இல்லை என்பதும் உறுதியாயிற்று. வியாபாரிக்கு அறிவிக்கப்பட்டது. அவர் ஜனவரி 12ஆம் திகதியிட்டுப் புதிய பட்டியல் எழுதினார், இலக்கம் 0431. வற் தொகை அதே 12,600.

இப்போது வீத விதி எழுந்து நின்றது. ஜனவரி 12 என்றால் வீதம் 18 அல்லவா, தொகை 15,120 ஆக இருக்க வேண்டுமே? விதி நிராகரிக்கும் விதியாக இருந்திருந்தால் அவர் மூன்றாவது பட்டியல் எழுதியிருப்பார், அதுவும் 2,520 ரூபா கூடுதலாக. ஆனால் எந்த வீதம் என்பதைத் தீர்மானிப்பது தாளில் கடைசியாக எழுதிய திகதியல்ல. சட்டத்தின்படி வழங்கல் எப்போது நிகழ்ந்தது என்பதுதான். பொருளும் டிசெம்பரில் கைமாறியது, முதல் பட்டியலும் டிசெம்பரிலேயே எழுதப்பட்டது. கணக்காளர் அக்கா இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, புதிய பட்டியலில் 'வழங்கிய திகதி 29/12/2023' என்று இருப்பதைக் காட்டி, 15 சரி என்று ஒப்பமிட்டார். இந்தத் தீர்ப்பை விதி செய்ய முடியாது. எல்லைத் திகதிக்கு அருகில் இருக்கும் பட்டியலை அவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது மட்டுமே அதன் வேலை.

மாற்றுப் பட்டியல் வந்ததும் இன்னொரு வேலை இருக்கிறது. 0417 இன்னும் கணினியில் 'நிலுவை' என்று உயிரோடிருந்தால், பிறகு யாராவது அந்தக் குறையை நிரப்பிவிட, ஒரே சாமானுக்கு இரண்டு கொடுப்பனவு போய்விடும். மாற்றுப் பட்டியலை ஏற்கும்போதே மூலப் பட்டியலை இரத்துச் செய்ய வேண்டும். புதியது எதற்கு மாற்றாக வந்தது என்பதும் பதிவில் இருக்க வேண்டும். வரி விபரம் திருந்தும் வரை நிகரத் தொகையான 84,000ஐ மட்டும் கொடுத்துவிட்டு 12,600ஐப் பிடித்துவைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. சாமான் வந்துவிட்டது, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. முழுத் தொகையையும் முடக்குவதைவிட அது நேர்மையானது என்று நான் நினைக்கிறேன்.

வியாபாரிக்குப் போகும் அறிவிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விதிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டி, முதல் பிழையில் நின்றுவிடுவது நிரலாளருக்கு வசதி. ஆனால் அப்படிச் செய்தால் வியாபாரி வற் இலக்கத்தைத் திருத்தி அனுப்பிய பிறகு 'அளவு எழுதப்படவில்லை' என்று இரண்டாவது கடிதம் போகும். எல்லா விதிகளும் எல்லாத் தடவையும் ஓட வேண்டும். குறைகள் அனைத்தும் ஒரே அறிவிப்பில், அவருக்குப் புரியும் மொழியில் போக வேண்டும். `BUYER_VAT_MISSING` என்பது எங்களுக்கு. அவருக்கு 'எங்கள் நிறுவனத்தின் வற் இலக்கம் உங்கள் பில்லில் இல்லை. அந்த இலக்கம் இது. சேர்த்துப் புதிய பில் தாருங்கள்' என்று தமிழிலோ சிங்களத்திலோ எழுத வேண்டும்.

விதிகள் சரியாக வேலை செய்கின்றனவா என்பதை நான் இரண்டு வழியில் பார்க்கிறேன். ஒவ்வொரு வாரமும், எந்த விதி எந்த வழங்குநரின் எத்தனை பட்டியல்களை நிறுத்தியது என்று எண்ணுவேன். ஒரே வழங்குநரிடம் ஒரே விதி திடீரெனத் திரும்பத் திரும்ப எழுந்தால், அவர் பில் புத்தகத்தை மாற்றியிருப்பார், மென்பொருளுக்குப் புதிய அமைப்பு பிடிபடவில்லை. நிறுத்தப்பட்டவற்றில் பெரும்பகுதியை எழுதுவினைஞர் எதையும் மாற்றாமல் அப்படியே விடுவித்திருந்தால், பிழை விதியில்தான் இருக்கிறது. இரண்டாவது வழி, நிறுத்தப்படாமல் போனவற்றிலிருந்து குருட்டுவாக்கில் ஐம்பதை எடுத்துத் தாளோடு ஒப்பிடுவது. நிராகரிக்கப்பட்டவற்றைப் பற்றி வழங்குநர்களே தொலைபேசி எடுத்துச் சொல்லிவிடுவார்கள். தவறாக உள்ளே போன ஏப்ரல் 5ஐப் பற்றி யாரும் சொல்லமாட்டார்கள். அந்த ஐம்பதில் மாத முற்பகுதித் திகதிகளையும், கையெழுத்துப் பட்டியல்களையும், வீதம் மாறிய மாதங்களின் பட்டியல்களையும் வேண்டுமென்றே கூடுதலாகச் சேர்த்துக்கொள்வேன்.